நிறத்தை நம்பாதீர்கள், வாலைப் பாருங்கள்

பொங்கலை ஒட்டித் தமிழகம் முழுக்கப் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். அந்த நாட்களில் பறவை பார்ப்போரின் வாட்ஸ்அப் குழுக்களில் படங்கள் வந்து குவியும். மீன்கொத்தியோ பனங்காடையோ என்றால் அரை நிமிடத்தில் பெயர் சொல்லிவிடுவார்கள். புதருக்குள் பாதி மறைந்த ஒரு பழுப்புக் குருவி வந்தால்தான் சிக்கல். ஒருவர் பிரினியா என்பார், இன்னொருவர் வார்ப்ளர் என்பார், மூன்றாமவர் சிலம்பன் குஞ்சாக இருக்கலாமே என்று இழுப்பார். படம் எடுத்தவருக்கோ அது பளிச்சென்று மஞ்சளாகத் தெரிந்ததாக நினைவு.

இந்தச் சண்டைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் தொடங்குகின்றன. எல்லோரும் முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள். மோசமான படத்தில் முதலில் கெட்டுப்போவது நிறம்தான்.

காலை ஏழு மணி வெயில் எந்தப் பழுப்பையும் செம்பழுப்பாக்கிவிடும். இலை அடர்ந்த புதருக்குள் இருக்கும் குருவியின் வெண்ணிற வயிற்றில் இலைகளின் பச்சை பட்டுத் தெறிக்கும். அந்த வயிறு இளமஞ்சளாகவோ பச்சையாகவோ படத்தில் விழும். உடனே 'பச்சை வார்ப்ளர்' என்று ஒரு பெயர் பிறந்துவிடும். வானத்தைப் பின்னணியாகக் கொண்டு எடுத்தால் கேமரா வானத்துக்கு ஏற்ப ஒளியைக் குறைத்துக்கொள்ளும், குருவி கருத்துப்போகும். அதைப் பிறகு கணினியில் வெளிச்சப்படுத்தினால் கருப்புக்குள்ளிருந்து இல்லாத சிவப்பும் நீலமும் புள்ளிப்புள்ளியாகக் கிளம்பும்.

இதைவிட மோசமான ஏமாற்று ஒன்று உண்டு. இப்போதைய கைபேசிகளும் கேமராக்களும் படத்தைத் தாமாகவே கூர்மைப்படுத்துகின்றன. கருத்த பகுதியும் வெளுத்த பகுதியும் சந்திக்கும் விளிம்பில் அப்போது ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு தோன்றும். தலையுச்சிக்கும் கன்னத்துக்கும் இடையில் அந்தக் கோடு விழுந்தால் குருவிக்குப் புருவம் முளைத்துவிடும். பழுப்புக் குருவிகளில் புருவக்கோடு முக்கியமான அடையாளம். அதுவே பொய்யாக இருந்தால் தொடர்ந்து எடுக்கும் முடிவெல்லாம் பொய்யாகிவிடும். சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அதே படத்தில் குருவி உட்கார்ந்திருக்கும் குச்சியின் ஓரத்தைப் பாருங்கள். அங்கும் அதே போன்ற வெள்ளைக் கோடு ஓடினால் குருவியின் புருவத்தை நம்ப வேண்டாம்.

அளவையும் நம்ப முடியாது. நேரில் பார்க்கும்போது சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா என்று சொல்லிவிடலாம். படத்தை வெட்டிப் பெரிதாக்கியதும் 12 சென்டிமீட்டர் குருவியும் 23 சென்டிமீட்டர் தவிட்டுக்குருவியும் திரையில் ஒரே அளவாக நிற்கும்.

கெடாமல் மிஞ்சுவது உடலின் விகிதம். இறக்கையோடு ஒப்பிட்டால் வால் எவ்வளவு நீளம், தலையோடு ஒப்பிட்டால் அலகு எவ்வளவு நீளம், வாலின் நுனி எப்படி முடிகிறது என்பவை கலங்கிய படத்திலும் பெரும்பாலும் தப்பித்துவிடும். குருவிக்கு அந்த விகிதம் வந்த காரணத்தைத் தெரிந்துகொண்டால் மனப்பாடம் செய்யவும் வேண்டாம்.

பிரினியாக்கள் நம்மூர்வாசிகள். வயல் வரப்பு, கோரைப்புல், வேலிப்புதர் என்று பிறந்த இடத்திலேயே ஆண்டு முழுவதும் கிடப்பவை. புதருக்குப் புதர் தாவுவதுதான் அவற்றின் பயணம். அதற்குக் குட்டையான, நுனி உருண்ட இறக்கை போதும். நெருக்கமான தண்டுகளுக்கு நடுவே உடலைச் சமன்படுத்த நீண்ட வால் உதவுகிறது. ஆகவே பிரினியாவுக்கு வால் நீளம், இறக்கை குட்டை. இந்தியப் பழுப்புப் பிரினியாக்களில் மிகச் சாதாரணமான, பறவை பார்ப்போர் 'பிளெயின் பிரினியா' என்று சொல்லும் குருவிக்கு மடித்த இறக்கை ஐந்து சென்டிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். குளிர்காலத்தில் அதன் வால் ஆறு சென்டிமீட்டரையும் தாண்டும்.

குளிர்காலத்தில் நம் புதர்களில் மிகுதியாகக் காணும் வார்ப்ளரான 'பிளித் நாணல் வார்ப்ளர்' வேறு வகை. கிழக்கு ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து சேரும். ஏப்ரல், மே வரை இருக்கும். பல ஆயிரம் கிலோமீட்டர் பறக்கும் குருவிக்கு இறக்கை நீளமாக இருந்தாக வேண்டும். அதன் மடித்த இறக்கை ஆறு சென்டிமீட்டரைச் சுற்றி வரும், வால் ஐந்து சென்டிமீட்டர்தான். பிரினியாவுக்கு வால் இறக்கையை மிஞ்சும், இந்த வார்ப்ளருக்கு இறக்கை வாலை மிஞ்சும். இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரிந்து இதைவிட உறுதியான அடையாளம் கிடையாது.

ஒரு படத்தை வைத்தே பார்ப்போம். பொங்கலுக்கு மறுநாள் காலை ஏழரை மணிக்கு ஓர் ஏரிக்கரையில், சீமைக்கருவேலப் புதரில் எடுத்தது. உறவினர் ஒருவர் அனுப்பினார். "புருவம் தெரியுது பாருங்க மாமா, பிளெயின் பிரினியாதானே?" என்று கேட்டிருந்தார். குருவி பக்கவாட்டில் நிற்கிறது. அலகின் நுனியைக் குச்சி மறைக்கிறது. முகம் கலங்கல். உடல் முழுக்க ஒரே பழுப்பு, வயிறு வெளிறல். கண்ணுக்கு மேல் ஏதோ ஒரு கோடு.

முதல் வேலை, அசல் கோப்பைக் கேட்டு வாங்குவது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் வந்து சேரும், மெல்லிய கோடுகள் அழிந்துவிடும், எடுத்த நாளும் நேரமும் கோப்பிலிருந்து போய்விடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னால் எல்லாம் அப்படியே வரும். கூடவே அழித்துவிடாமல் வைத்திருக்கும் மற்ற படங்களையும் கேட்க வேண்டும். பலர் "நல்லதா ஒண்ணு" என்று தேர்ந்தெடுத்துத்தான் அனுப்புவார்கள். அவர்கள் ஒதுக்கிய, குருவி திரும்பிக்கொண்ட படத்தில் வாலின் அடிப்பக்கம் தெளிவாக விழுந்திருக்கும். என் உறவினரிடமும் அப்படி ஒன்று இருந்தது.

அடுத்து அளப்பது. மடித்த இறக்கையின் வளைவிலிருந்து நுனிவரை திரையில் ஒரு காகிதத் துண்டை வைத்துக் குறித்துக்கொள்ளலாம். வால் எங்கே தொடங்குகிறது என்று இறகுகளுக்குள் தேடுவது கடினம். அதனால் இறக்கை நுனியைத் தாண்டி வால் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் அளந்தால் போதும். பிரினியாவில் அந்த மிச்ச வாலே இறக்கையின் நீளத்தை எட்டும், சில சமயம் தாண்டும். நம் படத்தில் திரையில் இறக்கை 30 மில்லிமீட்டர், அதைத் தாண்டிய வால் 15 மில்லிமீட்டர். பாதிதான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. வால் கேமராவை நோக்கியோ எதிர்ப்பக்கமோ சாய்ந்திருந்தால் குட்டையாகத்தான் தெரியும். குருவி சரியான பக்கவாட்டில் நின்றால்தான் இந்த அளவுக்கு மதிப்பு. ஒரு கண் மட்டும் தெரிந்து, அலகும் உடலும் வாலும் ஒரே தளத்தில், ஒரே அளவு தெளிவோடு இருந்தால் அளக்கலாம். நம் படம் அதில் தேறியது.

இரண்டாவது படத்தில் வாலின் அடிப்பக்கம் தெரிந்தது. இங்கே இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். பிரினியாவின் வால் இறகுகள் படிப்படியாக நீளம் கூடுபவை. ஓர இறகு மிகக் குட்டை, நடு இறகு மிக நீளம். அடியிலிருந்து பார்த்தால் மாடிப்படி போலத் தெரியும். ஒவ்வொரு படியின் நுனியிலும் வெளிறிய முனையும் அதற்கு உள்ளே ஒரு கருத்த பொட்டும் இருக்கும். படம் எவ்வளவு கலங்கினாலும் அந்தப் பொட்டுகள் சாம்பல் திட்டுகளாகவாவது எஞ்சும். நம் குருவிக்குப் படியும் இல்லை, பொட்டும் இல்லை. வால் நுனி சற்றே உருண்டு ஒரே வீச்சில் முடிந்தது. அத்தோடு பிரினியாக்கள் எல்லாம் பட்டியலை விட்டுப் போயின. புருவம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

அடுத்தது வாலுக்கு அடியில், பின்பகுதியிலிருந்து வாலை மூடிக்கொண்டு வரும் மெல்லிய இறகுகள். நாணல் வார்ப்ளர்களில் இவை நீளமாக இருந்து வாலின் பாதியையாவது மூடும். அதனால் பின்பகுதி கனத்து, வால் குட்டையாகத் தோன்றும். நம் குருவி அப்படித்தான் இருந்தது. இதே புதர்களுக்குக் குளிர்காலத்தில் வரும் 'பூட்டட் வார்ப்ளர்', 'சைக்ஸ் வார்ப்ளர்' என்ற இருவருக்கும் இந்த இறகுகள் குட்டை, வால் நுனி சதுரம், வாலின் வெளியோரம் வெளுப்பு. அவர்களும் கழன்றார்கள்.

இனி நாணல் வார்ப்ளர்களுக்குள் யார் என்பதுதான் கேள்வி. நாணலிலும் சம்பிலும் கரகரத்துக் கத்தும் பெரிய நாணல் வார்ப்ளர் 18 சென்டிமீட்டருக்கும் மேல், அலகு தடிமன், தண்ணீர்ப் பக்கத்துச் சம்பை விட்டு அதிகம் நகராது. உலர்ந்த கருவேலப் புதரில் அதைத் தேட வேண்டாம். மிஞ்சுவது பிளித் வார்ப்ளரும் 'நெல்வயல் வார்ப்ளரும்'. ஏரிக்கரை என்பதால் நெல்வயல் வார்ப்ளரைச் சும்மா தள்ளிவிட முடியாது. இந்த இடத்தில்தான் முகம் வேண்டும். நெல்வயல் வார்ப்ளரின் புருவம் அகலம், கண்ணைத் தாண்டிப் பின்னால் ஓடும், அதன் மேல்விளிம்பில் ஒரு கருங்கோடு இருக்கும். அலகும் குட்டை, நுனி கருப்பு. பிளித் வார்ப்ளரின் புருவம் கண்ணுக்கு முன்னால்தான் எடுப்பாக இருக்கும், கண்ணைக் கடந்ததும் கரைந்துவிடும். நெற்றி சரிந்து, அதன் தொடர்ச்சியாக நீண்ட அலகு போகும்.

இரண்டாவது படத்தில் குருவி தலையைத் திருப்பியிருந்ததால் அலகு முழுதாகத் தெரிந்தது. நீளமான அலகு, சரிந்த நெற்றி. புருவம் கண்ணோடு நின்றுவிட்டது. குச்சிகளின் ஓரத்தில் வெள்ளைக் கோடு இல்லாததால் அந்தப் புருவம் உண்மையானது என்றும் எடுத்துக்கொண்டேன். பிளித் நாணல் வார்ப்ளர். உறவினரிடம், அந்தக் குருவி ஏதாவது சத்தம் போட்டதா என்று கேட்டபோது, "'சக்... சக்...'னு நாக்கைத் தட்டுற மாதிரி" என்றார். அதுதான் அதன் குரல். முதலிலேயே இதைச் சொல்லியிருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

நிறம் இதில் எங்குமே தேவைப்படவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அலகு நுனியின் கருப்பும் வால் ஓரத்து வெளுப்பும்கூட நிறமல்ல, கருமையும் வெண்மையும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மோசமான ஒளியிலும் ஓரளவு நிற்கும். செம்மை, மஞ்சள், பச்சை மூன்றும்தான் முதலில் கழன்று விழுபவை.

வால் பிரினியாவின் வாலாகவே இருந்துவிட்டால்? அப்போது கேள்வி வேறு. மேலே சாம்பல், கீழே வெளிறிய செம்மஞ்சள், கண் சிவப்பு என்று இருந்தால் சாம்பல் பிரினியா. நகரத்துத் தோட்டங்களிலும் பார்க்கலாம். பறக்கும்போது இறக்கையால் டப் டப்பென்று சொடுக்குப் போடும். அது தனித்துத் தெரிவதால் அதிகம் பிரச்சினை தராது. தகராறு பிளெயின் பிரினியாவுக்கும் ஜங்கிள் பிரினியாவுக்கும் இடையில். பிளெயின் பிரினியாவின் முகம் வெளிச்சமானது. கண்ணுக்கும் அலகுக்கும் நடுவிலுள்ள இடம் வெளிறி, அகலமான புருவத்தோடு கலந்து, அப்பாவித்தனமான ஒரு முகத்தைத் தரும். ஜங்கிள் பிரினியாவில் அந்த இடம் பெரும்பாலும் கருத்திருக்கும், புருவம் ஒல்லி, அலகு தடிமன், குருவியும் சற்றுப் பெரியது. கூடு கட்டும் காலத்தில் அதன் வாலோர இறகுகள் வெள்ளையாகத் தெரியும். நெல்வயலிலும் கோரையிலும் பிளெயின் பிரினியாவுக்கு வாய்ப்பு அதிகம், பாறையும் முள்ளுமான உலர்காட்டில் ஜங்கிள் பிரினியாவுக்கு. ஆனால் இருவரும் ஒரே புதரில் இருக்கும் இடங்கள் உண்டு. ஆகவே இடத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது தப்பு.

குருவியின் முதுகில் கருங்கோடுகள் ஓடினால் இத்தனை யோசனையும் வேண்டாம். பழுப்பும் கருப்பும் கலந்த கோடுபோட்ட முதுகு, குட்டை வால், வால் நுனியில் வெள்ளை. புல்வெளிகளில் 'ஜிட்... ஜிட்...' என்று கத்தியபடி ஏறி இறங்கிப் பறக்கும் விசிறிவால் கதிர்க்குருவி அது. இங்கே பேசும் பிரினியாக்களுக்கும் வார்ப்ளர்களுக்கும் முதுகு வெறுமையானது.

சிலம்பன்களைப் பற்றி மக்கள் பயப்படும் அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. தெருவில் ஏழெட்டாகக் கூச்சலிட்டுத் திரியும் தவிட்டுக்குருவிகளை நேரில் யாரும் வார்ப்ளர் என்று சொல்ல மாட்டார்கள். வெட்டிய படத்தில்தான் குழப்பம். அங்கே அலகையும் காலையும் பாருங்கள். பிரினியாவுக்கும் வார்ப்ளருக்கும் அலகு ஊசிபோல் ஒல்லி. சிலம்பனுக்கு அலகு உயரமானது, மேல்விளிம்பு வளைந்தது. கால்களும் தடித்தவை, தரையில் கிளறி இரை தேடுவதற்கானவை.

உண்மையில் ஏமாற்றுபவை இரண்டு சின்னச் சிலம்பன்கள்தாம். ஒன்று செவ்வயிற்றுச் சிலம்பன், பிரினியா அளவே இருக்கும், 13 சென்டிமீட்டர். தென்னிந்தியாவில் இதற்குத் தொண்டை வெள்ளை, வயிறு முழுக்க ஆரஞ்சு கலந்த பழுப்பு, நெற்றி செம்மை. காலை வெயிலில் எடுத்த பிளெயின் பிரினியாவின் வயிறும் இதே நிறத்தில் விழும் என்பதால் இங்கேயும் நிறம் கைவிட்டுவிடும். ஆனால் தடித்த அலகு காட்டிக்கொடுக்கும். படத்தின் ஓரத்தில் இன்னொரு வாலோ தலையோ தெரிகிறதா என்றும் தேடுங்கள். இவை தனியாக இருப்பது குறைவு, புதருக்குள் வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து போகும். இன்னொன்று மஞ்சள்கண் சிலம்பன். நீண்ட, படிப்படியான வால் இருப்பதால் பெரிய பிரினியா என்றே தோன்றும். குட்டையான, தடித்த, கருப்பு அலகும், கண்ணைச் சுற்றிய ஆரஞ்சு வளையமும், தூய வெள்ளைத் தொண்டையும் மார்பும் அதைப் பிரித்துவிடும். அந்த வளையம் எவ்வளவு மோசமான படத்திலும் கண்ணைச் சுற்றி ஒரு வெளிச்சப் புள்ளியாக மிஞ்சுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வாலையே நம்பியிருப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். இறகு உதிர்க்கும் காலத்திலும், பூனையிடமிருந்து தப்பிய பிறகும், கூட்டை விட்டு இப்போதுதான் வெளிவந்த குஞ்சாக இருந்தாலும் பிரினியாவுக்கு வால் பாதியாகவோ இல்லாமலோ இருக்கும். கோடையில் பிளெயின் பிரினியாவின் வால் குளிர்காலத்தைவிடக் குட்டை. அதனால் குட்டை வாலைக் கண்டதும் வார்ப்ளர் என்று தாவக் கூடாது. இறக்கையைப் பாருங்கள். வால் போனாலும் பிரினியாவின் இறக்கை குட்டையாகவும் உருண்டதாகவும்தான் இருக்கும். ஜூன், ஜூலையில் எடுத்த படம் என்றால் அது வலசை வரும் வார்ப்ளராக இருப்பதற்கு இடமே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். தேதியைக் கேட்காமல் வார்ப்ளர் பெயரைச் சொல்பவரை நான் நம்புவதில்லை.

எங்கே நிறுத்துவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பூட்டட் வார்ப்ளரையும் சைக்ஸ் வார்ப்ளரையும் ஒரு காலத்தில் ஒரே இனம் என்றுதான் வைத்திருந்தார்கள். சைக்ஸுக்கு அலகும் வாலும் கொஞ்சம் நீளம், பூட்டடுக்குக் கீழ் அலகின் நுனி கருப்பு, புருவத்தின் மேலே ஒரு மங்கிய கருங்கோடு. கலங்கிய படத்தில் இவற்றைத் தேடுவது வீண். இபேர்டு போன்ற பதிவுத்தளங்களிலேயே 'இது அல்லது அது' என்று இரண்டு பெயரையும் சேர்த்துப் பதிய வழி வைத்திருக்கிறார்கள். 'பிரினியா, இனம் தெரியவில்லை' என்று விடுவதற்கும் வழி இருக்கிறது. வெறும் ஊகத்தில் போட்ட ஓர் இனப்பெயர் அந்த ஊருக்கு அந்தக் குருவி வந்ததாகப் பல ஆண்டுகள் பதிவேட்டில் நின்றுவிடும். பிறகு அதை நம்பி இன்னொருவர் தன் படத்துக்கும் அதே பெயரைப் போடுவார்.

அடுத்த முறை புதரில் பழுப்புக் குருவி அகப்பட்டால் அழகான ஒரு படத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். தொடர்ச்சியாகச் சுடுங்கள், குருவி திரும்பி வாலின் அடிப்பக்கத்தைக் காட்டும் படத்தை அழிக்காதீர்கள். கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் கைபேசியில் பத்து விநாடி ஒலியைப் பதிவு செய்யுங்கள். கேட்கும்போது தேதி, ஊர், என்ன புதர், தனியாகவா கூட்டமாகவா என்று நான்கையும் சேர்த்து, அசல் கோப்போடு அனுப்புங்கள். எந்த மஞ்சள், எந்தப் பச்சை என்று மட்டும் எழுத வேண்டாம்.